பால் கோப்பிக் கறையில் முதலில் சவர்க்காரக் கட்டியைத் தொடாதீர்கள்

கல்லடியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்க்கிலிருந்து ஊற்றும்போது ஒரு கோப்பை பால் கோப்பி சரிந்துவிட்டது. பாதி அப்பாவின் வெள்ளைப் பருத்திச் சட்டையில், மீதி வரவேற்பறைக் கம்பளத்தில். அம்மா சட்டையைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய், கொதிக்கும் வெந்நீரை ஊற்றிச் சவர்க்காரக் கட்டியால் அழுத்தித் தேய்த்தார். நான் ஈரத்துணியால் கம்பளத்தைத் தேய்த்தேன். சட்டையில் பழுப்பு வட்டம் ஒன்று தங்கிவிட்டது. கம்பளத்தில் உள்ளங்கை அளவில் இருந்த கறை சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குப் பரவியது. அன்று நாங்கள் செய்த தவறுகளைத்தான் பெரும்பாலான வீடுகளில் செய்கிறார்கள்.

முதல் தவறு வெந்நீர். வெறுங்கோப்பி என்றால் பருத்தியில் வெந்நீர் பெரிய கேடு செய்யாது. பால் கலந்த கோப்பியில் பாலின் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. சூடு பட்டதும் புரதம் இறுகி நூலைப் பற்றிக்கொள்கிறது. அது இறுகும்போது கோப்பியின் நிறத்தையும் சேர்த்தே பிடித்துவைக்கிறது. ஆகவே பால் சேர்ந்த கறைக்கு முதலில் குளிர்ந்த நீர்தான் வேண்டும். அதையும் கறையின் மேற்புறத்தில் ஊற்றக்கூடாது. துணியைத் திருப்பிப் பிடித்து, பின்புறத்திலிருந்து குழாய் நீரை ஓடவிட வேண்டும். வந்த வழியிலேயே கறை வெளியேறும். மேலிருந்து ஊற்றினால் அதை நூலுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவோம்.

இரண்டாவது தவறு சவர்க்காரக் கட்டி. வெறுந்தேநீரில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே தேநீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைப் போட்டுப் பாருங்கள், கறுத்துவிடும். கோப்பியின் நிறப்பொருளிலும் இந்த இயல்பு ஓரளவு உண்டு: புளிப்பு அதை இளக்குகிறது, காரம் அதைக் கருக்குகிறது. சவர்க்காரக் கட்டி காரத்தன்மை உடையது. போதாததற்கு, கிணற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீர் ஊறும் வீடுகளில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரியும். அந்தப் பிசுக்கும் துணியில் படிந்து கறையைப் போகவிடாமல் செய்கிறது. அம்மா எவ்வளவு பலமாகத் தேய்த்தாரோ அவ்வளவு உறுதியாகக் கறை நின்றதற்குக் காரணம் இதுதான்.

பிறகு அதே சட்டையை நாங்கள் மீட்டது இப்படி. நல்ல வேளையாக யாரும் அதை ஸ்திரி போட்டிருக்கவில்லை. ஒரு லீட்டர் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டியும் நிறமற்ற வினாகிரி ஒரு மேசைக்கரண்டியும் கலந்தோம். குளிர்ந்த நீரில் அலசிய சட்டையை அதில் 15 நிமிடம் ஊறவைத்தோம். திரவம் பாலின் கொழுப்பை எடுக்கும், வினாகிரி நிறத்தை இளக்கும். அலசிவிட்டு இன்னொரு முறை ஊறவைத்தோம். அதன் பிறகே வழக்கமான சலவைத்தூளால் கழுவினோம். பழுப்பு வட்டம் போய்விட்டது. இரட்டைத் துணியாக இருந்த தையல் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று தங்கியது. முதலிலேயே குளிர்ந்த நீரில் அலசியிருந்தால் அதுவும் இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

கழுவிய பின் ஒரு பொறுமை வேண்டும். ஈரத்துணியில் கறை கண்ணுக்குத் தெரியாது. நிழலில் உலர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை இல்லை என்று உறுதியான பிறகுதான் ஸ்திரி போட வேண்டும். மிச்சமிருக்கும் கறையின் மேல் சூடான இரும்பு பட்டால் அதன் பிறகு எடுப்பது மிகக் கடினம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் துணி சீக்கிரம் காய்ந்துவிடுவதால் கறையும் விரைவில் உலர்ந்து நூலில் ஒட்டிக்கொள்கிறது. அப்போது மாலை வரை தள்ளிப்போடாமல், உடனே தண்ணீரிலாவது போட்டுவையுங்கள்.

மருதமுனைக் கைத்தறிச் சாரம் போன்ற வண்ணத்துணி என்றால் நேரே ஊறவைக்காதீர்கள். மடிப்பின் உட்புறத்தில் அந்தக் கலவையில் ஒரு துளி விட்டு, வெள்ளைத்துணியால் சில நிமிடம் அழுத்திப் பாருங்கள். வெள்ளைத்துணியில் சாயம் ஏறினால் குளிர்ந்த நீரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கறை போனாலும் கட்டத்தின் நிறம் போய்விட்டால் என்ன பயன்? குளோரின் வெளுப்பான் அந்தச் சாயத்தை நிச்சயம் கெடுக்கும். அந்த வெளுப்பானை வினாகிரியுடனோ தேசிக்காய்ச் சாற்றுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

கம்பளத்தில் தேய்த்ததுதான் என் பிழை. தேய்த்தால் கறை பரவும், இழைகளும் பிரிந்து நிற்கும். உலர்ந்த வெள்ளைத்துணியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். வண்ணத்துவாய் வேண்டாம், அதன் சாயம் கம்பளத்தில் இறங்கிவிடும். ஒற்றியெடுத்த பிறகு ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் பாத்திரத் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றவும். அடுத்து, ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அதனாலும் ஒற்றவும். கடைசியாக வெறும் நீரால் ஒற்றித் திரவத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டும். எஞ்சும் திரவம் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

வாளி நீரைக் கொட்டினால் என்ன ஆகும்? அன்று மாலை கம்பளம் சுத்தமாகத் தெரியும், மறுநாள் காலை அதே இடத்தில் கறை மீண்டும் நிற்கும். அடித்தளம் வரை இறங்கிய கோப்பி, நீர் ஆவியாகும்போது அதனுடன் இழை நுனிக்கு ஏறிவருவதால் இப்படி நடக்கிறது. இதைத் தடுக்க, கடைசியில் மடித்த வெள்ளைத் துவாயை அந்த இடத்தில் விரித்து, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஓர் இரவு விடுங்கள். ஏறிவரும் நிறம் துவாயில் தங்கிவிடும். மாரிகாலத்தில் மின்விசிறியையும் அதன் பக்கம் திருப்பிவையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சண வாடை வந்துவிடும்.

பிளாஸ்க்கின் உட்புறக் கறையின் கதை தலைகீழ். துணிக்கு ஆகாத காரம் பிளாஸ்க்கின் துருப்பிடிக்காத இரும்புக்கு நல்லது. அங்கே நிறம் எதற்குள்ளும் ஊறவில்லை, மேலே படலமாகத்தான் ஒட்டியிருக்கிறது. கறுத்தாலும் பரவாயில்லை, கழன்று நீரோடு போனால் போதும். அரை லீட்டர் பிளாஸ்க்கில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டு, சுடுநீரை நிரப்பி, இரண்டு மணி நேரம் விடுங்கள். நீர் பழுப்பாக மாறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பிறகு போத்தல் தூரிகையால் லேசாகத் தேய்த்து அலசுங்கள்.

இதில் ஆபத்தான தவறு மூடியை இறுக்கிவிடுவது. சிலர் அப்பச்சோடாவுடன் வினாகிரியையும் ஊற்றி மூடிக் குலுக்குகிறார்கள். பொங்கும் வாயுவின் அழுத்தத்தில் மூடி முகத்தில் தெறிக்கலாம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் சுத்தம் செய்யும் வலுவும் குறைகிறது. பழுப்புப் படலத்துக்கு அப்பச்சோடா, கிணற்று நீர் விட்டுச்சென்ற வெள்ளைச் சுண்ணாம்புப் படிவுக்கு வினாகிரி என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள், இடையில் நன்றாக அலசிவிட்டு. மணலும் இரும்பு நாரும் உட்புறத்தைக் கீறும், அடுத்த கறை அந்தக் கீறல்களில்தான் குடியேறும். குளோரின் வெளுப்பான் துருப்பிடிக்காத இரும்பிலும் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும்.

உள்ளே பளிச்சென்று இருந்தும் பழைய பால் வாடை வந்தால், மூடியிலுள்ள இறப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் பிளாஸ்க்கில் வாடை முழுவதும் அதன் அடியில்தான் இருந்தது.