ஒரு பக்கத்துக்கு இலவசம், மறுபக்கத்துக்குக் கட்டணம்: தளம் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரமணியிலும் கந்தன்சாவடியிலும் புதிதாகத் தளம் தொடங்கும் பிள்ளைகள் விலைப் பட்டியலை எடுத்துவந்து என்னிடம் காட்டுவது உண்டு. வீட்டு டியூஷனுக்கு ஆசிரியர் தேடித் தரும் தளம், ஏசி மெக்கானிக்கை வீடுகளோடு சேர்த்துவைக்கும் தளம், கல்யாணச் சமையல்காரர்களுக்கான தளம் என்று தொழில் மாறும். விலையில் செய்யும் தவறு மட்டும் மாறுவதில்லை. விசாரிக்காமல் இறங்குவது, திறக்கவே நேரமாகும் செயலி, மோசமான விளம்பரம் இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பட்டால் தெரிந்துவிடும். இரண்டு தரப்பை ஒன்றோடொன்று சேர்த்துவைத்துப் பிழைக்கும் இருபக்கச் சந்தைக்கே உரிய தவறுகள் அப்படி அல்ல. கணக்குத் தாளில் அவை சரியாகவே தெரியும்.

செலவைப் பார்த்து ஆளுக்குப் பாதியாக விலை போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். டியூஷன் தளம் தொடங்கிய ஒரு பெண் எக்செல் தாளைத் திறந்து காட்டினார். பெற்றோருக்கு மாதம் 100 ரூபாய், ஆசிரியருக்கு மாதம் 100 ரூபாய். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும்தானே சார் பிரயோஜனம்? ஆளுக்குப் பாதி போட்டாதான் நியாயமா இருக்கும். அதோட ஒரு டீச்சருக்கு நமக்கு ஆகுற செலவே மாசம் 100 ரூபாய். அதைக்கூட வாங்கலேன்னா எப்படி?" என்றார்.

மளிகைக் கடைக்கு இந்தக் கணக்கு சரி. கடைக்காரர் பருப்பு விற்பதால் சோப்பு வாங்குபவர் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை, அதனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அடக்க விலையைப் பார்த்து விலை போடலாம். தளத்தில் விற்பதே வேறு பொருள். பெற்றோர் கொடுக்கும் 100 ரூபாய், தளத்தில் இருக்கும் ஆசிரியர்களை அடைவதற்கு. ஆசிரியர்கள் இல்லையென்றால் அந்த 100 ரூபாய்க்கு அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. ஒரு பக்கம் பெருகினால் மறுபக்கத்துக்குத் தளத்தின் மதிப்பு கூடுகிறது. வலைப்பின்னல் விளைவு என்பது இதுதான். அதைக் கணக்கில் சேர்க்காத எந்த விலைப் பட்டியலும் பாதிக் கணக்குதான்.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து போட்ட கணக்கையே இங்கே தருகிறேன். எண்கள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. வேளச்சேரி மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 50 ஆசிரியர்களும் 400 பெற்றோரும் இருக்கிறார்கள். பெற்றோரிடமிருந்து 40,000, ஆசிரியர்களிடமிருந்து 5,000, ஆக 45,000 ரூபாய் வரவு. சான்றிதழ் சரிபார்ப்பது, டெமோ வகுப்பு ஏற்பாடு செய்வது, போன் செய்து விசாரிப்பது என்று ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 100 ரூபாய் செலவு. பெற்றோர் ஒருவருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம், விட்டுவிடலாம். 5,000 போனால் மிச்சம் 40,000.

இப்போது ஆசிரியருக்கு முழு இலவசம் என்று மாற்றுவோம். நல்ல கணக்கு ஆசிரியருக்கு வாய்வழியாகவே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். முன்பின் தெரியாத தளத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட அவருக்கு அவசியம் இல்லை. காசு இல்லை என்றால் சேர்ந்து பார்ப்பார். 50 பேர் 90 ஆகிறார்கள் என்று கொள்வோம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு, பக்கத்துத் தெருவிலிருந்தே வரக்கூடிய ஆசிரியர் கிடைக்கும் வாய்ப்பு கூடுவதால் பெற்றோர் 400இலிருந்து 600 ஆகிறார்கள். வரவு 60,000. செலவு 9,000. மிச்சம் 51,000.

தலைகீழாகவும் செய்து பார்ப்போம். பெற்றோருக்கு இலவசம், ஆசிரியருக்கு 100. அரைப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையின் அம்மா 100 ரூபாய்க்குத் தயங்கமாட்டார். டியூஷனே தேவைப்படாத வீடு இலவசம் என்பதற்காக வராது. அதனால் 400 பெற்றோர் 450 ஆகிறார்கள், அதைப் பார்த்து ஆசிரியர்கள் 65 ஆகிறார்கள். வரவு 6,500. செலவும் 6,500. மிச்சம் ஒன்றுமில்லை.

தளம், ஊர், ஆட்கள் எல்லாம் அதேதான். எந்தப் பக்கத்துக்கு இலவசம் என்பது மட்டும் மாறியது, அதற்கே 51,000க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம். முதல் மாற்றத்தில் கூடுதலாக வந்த 40 ஆசிரியர்கள் 200 பெற்றோரைக் கூட்டிவந்தார்கள். ஒரு ஆசிரியருக்கு ஐந்து பெற்றோர், அதாவது மாதம் 500 ரூபாய். "ஒரு டீச்சருக்கு 100 ரூபாய் செலவு" என்ற வாக்கியத்தில் விட்டுப்போனது இந்த 500தான். அதைக் கழித்தால் அந்த ஆசிரியரால் தளத்துக்கு ஆகும் உண்மையான செலவு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. 2006இல் பொருளியலாளர் மார்க் ஆம்ஸ்ட்ராங் எழுதிய கட்டுரையின் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: ஒரு பக்கத்துக்கான விலை, அந்தப் பக்கத்துக்கு ஆகும் செலவிலிருந்து தொடங்கி, அவர்கள் வருகையால் மறுபக்கத்துக்குக் கிடைக்கும் பலனைக் கழித்து, கட்டணத்துக்கு அவர்கள் எவ்வளவு அசைகிறார்களோ அதற்கேற்ற லாபத்தைச் சேர்த்துப் போடப்படுவது. கழிக்கும் தொகை பெரிதாக இருந்தால் விலை அடக்கத்துக்குக் கீழே இறங்கும், சில சமயம் நாமே பணம் கொடுக்க வேண்டியும் வரும். மானியம் என்று நாம் சொல்வது தர்மமோ விளம்பரச் செலவோ அல்ல. மறுபக்கத்தில் வாங்கப்போகும் கட்டணத்துக்கான மூலதனம்.

அச்சடிக்கும் செலவைக்கூட ஈடுகட்டாத விலையில் காலையில் நாளிதழ் வீட்டுக்கு வருவதும் இதே கணக்கில்தான். வாசகர் இருந்தால்தான் விளம்பரதாரர் வருவார். பெரிய நிறுவனமும் இதில் சறுக்கியிருக்கிறது. அடோபி 1993இல் பிடிஎப் கோப்புகளைப் படிக்கும் மென்பொருளுக்கும் காசு வாங்கியது. படிக்கக் காசு என்றால் படிப்பவர் குறைவு, படிப்பவர் இல்லாத வடிவத்தில் யார் கோப்பு தயாரிப்பார்கள்? பிறகு படிப்பதை இலவசமாக்கி, தயாரிப்பவரிடம் மட்டும் வாங்கினார்கள்.

அந்தப் பெண் கணக்கை ஒப்புக்கொண்டார். ஆனாலும், "டீச்சர்கிட்ட ஒரு 50 ரூபாயாவது வாங்கலாமே சார்?" என்றார். இந்த 50 ரூபாய்தான் என்னை வாட்டுவது. வேண்டாதவர்கள் உள்ளே வராமல் தடுக்கக் கட்டணம் வேண்டும் என்றால் அது வேறு பேச்சு. அதற்கும் சான்றிதழ் சரிபார்ப்பே போதும். மனசு கேட்காமல் வைக்கும் கட்டணம், வர வேண்டிய நல்ல ஆசிரியர்களையே முதலில் விரட்டும்.

கேட்காமலே வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தருவது

மானியம் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து விழும் குழி இது. பணம் செலவழிப்பவர்தானே வாடிக்கையாளர், அவருக்கே கூப்பன் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எந்தப் பக்கத்தில் பஞ்சம் என்பதைத் தளத்தின் பதிவுகளே சொல்லும். பெற்றோர் போட்ட கோரிக்கைகளில் ஒரு நாளுக்குள் எந்த ஆசிரியரும் பதில் தராதவை எத்தனை? போன மாதம் ஒரு அழைப்புகூட வராத ஆசிரியர்கள் எத்தனை? முதலாவது அதிகம் என்றால் ஆசிரியர் பஞ்சம், அங்கே பெற்றோருக்குக் கூப்பன் கொடுத்தால் ஏமாந்து திரும்புவோர் எண்ணிக்கைதான் கூடும். இரண்டாவது அதிகம் என்றால் பெற்றோர் பஞ்சம்.

இதை ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. பெரம்பூரில் இருக்கும் வேதியியல் ஆசிரியரால் வேளச்சேரிக்காரருக்குப் பயன் இல்லை. "சென்னையில் ஆயிரம் ஆசிரியர்கள்" என்று பலகை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பேட்டையும் பாடமும் சேர்ந்த ஒவ்வொரு கட்டமும் தனிச் சந்தை. ஒன்றில் பஞ்சமும் பக்கத்துக் கட்டத்தில் கூட்டமும் ஒரே நேரத்தில் இருக்கும்.

பதிவு செய்ததற்குப் பணம் கொடுப்பது

பதிவு மட்டும்தான் வரும். முதல் மாத வகுப்பு முடிந்த பிறகு கொடுங்கள்.

கமிஷன் கைமாறும் என்பதை மறப்பது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிரெடிட் கார்டை நீட்டினால், "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்பார்கள். கார்டுத் தொழிலின் விலை அமைப்பே, வாங்குபவருக்குச் சலுகை கொடுத்து, கடைக்காரரிடம் கட்டணம் வாங்குவது. கடைக்காரர் அந்தக் கட்டணத்தை அப்படியே வாங்குபவர் தலையில் வைத்துவிட்டால் அமைப்பு கலைந்துபோகிறது. தனிக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று கார்டு நிறுவனங்கள் கடைகளோடு மல்லுக்கு நின்றதற்குக் காரணம் இதுவே.

ரோஷே, திரோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பொருளியலாளர்களின் ஆய்வு (2003இல் வந்த அவர்கள் கட்டுரையில்தான் இந்தத் துறையே சூடுபிடித்தது, திரோலுக்கு 2014இல் நோபல் கிடைத்தது) இதற்கு ஒரு சோதனை தருகிறது. இரு பக்கமும் சேர்ந்து கட்டும் மொத்தம் மாறாமல், யார் எவ்வளவு என்பதை மட்டும் மாற்றுங்கள். நடக்கும் வியாபாரத்தின் அளவு மாறினால் அது இருபக்கச் சந்தை. மாறவில்லை என்றால் அவர்கள் தங்களுக்குள் சரிக்கட்டிக்கொள்கிறார்கள், உங்கள் மானியம் வெறும் காகிதத்தில் இருக்கிறது.

டியூஷன் தளத்தில் மாதச் சம்பளத்தில் 15 சதவீதம் கமிஷன் என்று ஆசிரியரிடம் கேட்டால் இதுதான் நடக்கும். 3,000 கேட்க வேண்டியவர் 3,500 கேட்பார், அல்லது இரண்டாம் மாதத்திலிருந்து, "ஆப்ல வேணாம்மா, நேரா கொடுத்துடுங்க" என்பார். அறிமுகமான பிறகு நேரில் பேசிக்கொள்ளும் தொழில்களில் ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் பங்கு கேட்காமல், தேடலுக்கும் அறிமுகத்துக்கும் கட்டணம் வாங்குவதே நிற்கும்.

யுபிஐயைப் பார்த்து இரு பக்கமும் இலவசம் தருவது

அங்கே 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசின் முடிவு, வங்கிகளுக்கு அரசே ஊக்கத்தொகை தருகிறது. உங்கள் தளத்துக்கு அப்படிக் கொடுக்க ஆள் இல்லை.

மானியத்தை ஊர் முழுக்க ஒரே நாளில் நிறுத்துவது

முதலீட்டாளர் கேட்டார் என்று ஒன்றாம் தேதி எல்லா ஆசிரியர்களுக்கும் கட்டணம் போடுவார்கள். முதலில் வெளியேறுபவர் நல்ல ஆசிரியர், அவரைத் தேடி வந்த பெற்றோர் அடுத்து, பெற்றோர் குறைந்ததைப் பார்த்து மீதி ஆசிரியர்கள். வளரும்போது உதவிய அதே சுழல் இறங்கும்போதும் வேலை செய்கிறது.

மானியம் முடிய வேண்டிய இடம் அந்த 500 ரூபாய்க் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு பேட்டையில் பதினைந்தாவது கணக்கு ஆசிரியர் வருவதால் புதிதாக ஒரு பெற்றோரும் வரவில்லை என்றால், அவரால் கிடைக்கும் பலன் தீர்ந்துவிட்டது, அவருக்காகச் செலவழிக்கும் 100 ரூபாய் வெறும் செலவு. அங்கே, புதிதாகச் சேர்பவரிடமிருந்து மட்டும் கட்டணத்தைத் தொடங்கலாம். பெற்றோர் வேறெங்கும் தேடாமல் நேராக உங்கள் தளத்துக்கே வரும் பழக்கம் வந்த பேட்டையில், பல தளங்களில் பெயர் கொடுத்துவைத்திருக்கும் ஆசிரியரும் உங்களுக்குக் கட்டணம் கட்டச் சம்மதிப்பார், அவர்களை அடைய அவருக்கு வேறு வழி இல்லாததால். வேளச்சேரி கணக்குக்கு அந்த நிலை வந்திருக்கலாம். அதே மாதத்தில் பெரம்பூர் வேதியியலில் இன்னும் கோரிக்கைகள் பதில் இல்லாமல் கிடக்கலாம். அங்கே ஆசிரியருக்கு இலவசம் தொடரட்டும்.