x என்றால் யாருடைய வயது? எழுத்துக் கணக்கை இருபடிச் சமன்பாடாக மாற்றுவது

இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரிந்த பிள்ளைகள்கூட எழுத்துக் கணக்கு வந்தால் திணறுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் தடுமாறுவது சமன்பாட்டை எழுதும் இடத்தில்தான். அந்த இடத்தை மட்டும் இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எண் கணக்கு ஒன்று.

*அடுத்தடுத்த இரண்டு ஒற்றை மிகை முழுக்களின் வர்க்கங்களின் கூடுதல் 650. அந்த எண்கள் எவை?*

சிறிய எண்ணை x என்போம். அடுத்த ஒற்றை எண் என்ன? 7-க்கு அடுத்தது 9, 9-க்கு அடுத்தது 11. ஒவ்வொரு முறையும் 2 கூடுகிறது. ஆகவே அடுத்த எண் x + 2. இரட்டை எண்களுக்கும் இதே x + 2 தான். எண் ஒற்றையா இரட்டையா என்பதை x பார்த்துக்கொள்ளும், நாம் எழுதுவது இடைவெளியை மட்டும்.

இனி வாக்கியத்தை அப்படியே எழுதலாம்:

x² + (x + 2)² = 650
2x² + 4x + 4 = 650
x² + 2x − 323 = 0
(x − 17)(x + 19) = 0

x = 17 அல்லது x = −19. கேள்வியில் ‘மிகை’ என்று இருப்பதால் −19 வேண்டாம். விடை 17, 19. சரிபார்த்தால் 289 + 361 = 650. அந்த ‘மிகை’ என்ற சொல் கேள்வியில் இல்லாவிட்டால் −19, −17 என்ற ஜோடியும் சரியான விடைதான். குறை எண் வந்தாலே அடித்துவிடும் பழக்கம் இங்கே மதிப்பெண்ணைப் பறித்துவிடும்.

அவசரத்தில் x + 1 என்று போட்டிருந்தால்? 2x² + 2x + 1 = 650, அதாவது 2x² + 2x = 649 என்று வரும். x முழு எண் என்றால் இடப்பக்கம் எப்போதும் இரட்டை. வலப்பக்கமோ ஒற்றை. எந்த முழு எண்ணும் இதற்குப் பொருந்தாது. இப்படி ஒரு வரி வந்தால் மேலே போகாமல், எண்களை எழுதிய முதல் வரிக்குத் திரும்புங்கள்.

சரி, இப்போது வயதுக் கணக்கு.

*அம்மா, மகள் இருவரின் வயதுகளின் கூடுதல் 48. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர்களின் வயதுகளின் பெருக்கற்பலன் 204. இப்போதைய வயது என்ன?*

இங்கே ‘x என்க’ என்று மட்டும் எழுதினால் போதாது. யாருடைய வயது, எப்போதைய வயது என்ற இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்: மகளின் இப்போதைய வயது x. அப்புறம் சின்னதாக ஓர் அட்டவணை போடுங்கள்.

| | இப்போது | 4 ஆண்டுகளுக்கு முன் |
|---|---|---|
| மகள் | x | x − 4 |
| அம்மா | 48 − x | 44 − x |

இரண்டாவது கட்டத்தை எழுதி முடித்ததும் அதைக் கூட்டிப் பாருங்கள்: (x − 4) + (44 − x) = 40. ஆளுக்கு நான்கு என்று எட்டு குறைந்து, 48 என்பது 40 ஆகியிருக்கிறது. அட்டவணை சரி. பெருக்கற்பலன் 204 என்பது பழைய வயதுகளைப் பற்றியது என்பதால் இரண்டாவது கட்டத்தைத்தான் பெருக்க வேண்டும்.

(x − 4)(44 − x) = 204
−x² + 48x − 176 = 204
x² − 48x + 380 = 0
(x − 10)(x − 38) = 0

இங்கே இரண்டு தீர்வுமே மிகை எண்கள். எதை விடுவது? x = 38 என்றால் மகளுக்கு 38, அம்மாவுக்கு 10. அது நடக்காது. எனவே மகளுக்கு 10, அம்மாவுக்கு 38. நான்கு ஆண்டுகளுக்கு முன் 6, 34. பெருக்கினால் 204.

நான் அடிக்கடி திருத்தும் பிழை ஒன்று உண்டு. மகளுக்கு மட்டும் நான்கைக் கழித்துவிட்டு, அம்மாவின் வயதை அப்படியே விட்டுவிடுவார்கள். (x − 4)(48 − x) = 204 என்று எழுதினால் x² − 52x + 396 = 0 வரும். பெருக்கினால் 396, கூட்டினால் 52 வரும் இரண்டு முழு எண்களைத் தேடினால் 9, 44 என்பதற்கு 53 வருகிறது, 11, 36 என்பதற்கு 47 வருகிறது, 52 கிடைக்காது. பாடநூல் வயதுக் கணக்குகளில் விடை பெரும்பாலும் முழு எண்ணாகத்தான் இருக்கும். காரணி அமையவில்லை என்றால் சூத்திரத்தைத் தேடும் முன் அட்டவணையை ஒருமுறை பாருங்கள்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். *அக்கா தம்பியைவிட 4 வயது மூத்தவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இருவர் வயதுகளின் பெருக்கற்பலன் 96. இப்போது அவர்களுக்கு என்ன வயது?* தம்பிக்கு 11, அக்காவுக்கு 15 என்று வர வேண்டும். உங்களுக்கு 8, 12 வந்திருந்தால் கணக்கில் பிழை இல்லை. X என்று நீங்கள் எடுத்தது தம்பியின் மூன்று ஆண்டுக்கு முந்தைய வயது. இருவருக்கும் மூன்றைக் கூட்டி விடையை எழுதுங்கள்.