ஒரே டம்பெல், இரண்டு மாதத் தேக்கம்

மும்பை மாட்டுங்காவில் என் அறையில் இருப்பது ஒரே ஒரு 10 கிலோ டம்பெல். அதை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட், 3 செட், 12 தடவை. இரண்டு மாதமாக அதே கணக்கு. கடைசித் தடவைகூட சுலபமாக வந்தது.

முதலில் எண்ணிக்கையை 20 வரை கூட்டினேன். மூச்சுதான் வாங்கியது, தொடைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி 12-க்கே வந்து, இறங்கும்போது மட்டும் மனசுக்குள் நாலு எண்ணி, அடியில் ஒரு நொடி நின்றேன். எட்டாவதிலேயே தொடை நடுங்கியது!

போனில் வீடியோ எடுத்துப் பார்த்தபோது இன்னொரு குட்டு வெளிப்பட்டது: இத்தனை நாளும் பாதி ஆழம்தான் போயிருக்கிறேன். இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கும்வரை உட்காரப் பழகினேன். குதிகால் தூக்கினாலோ கீழ்முதுகு வளைந்தாலோ அந்தத் தடவை கணக்கில் சேராது.

செட்டுகளுக்கு நடுவே எடுக்கும் ஓய்வைக் கடைசியில்தான் தொட்டேன். ஆசைப்பட்டு 2 நிமிடத்தை ஒரேயடியாக 45 நொடியாக்கிய நாளில், மூன்றாம் செட் 7-லேயே நின்றுவிட்டது. செய்யும் வேலையே குறைந்தால் அது முன்னேற்றமா என்ன? இப்போது 90 நொடி. அதில் மூன்று செட்டும் முழுசாக 12 வந்தபிறகுதான் அடுத்த 15 நொடியைக் குறைப்பேன்.