எஃப்எம்-இல் மணியும் எலெக்ட்ரிக் பியானோவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யமஹா DX7 சிந்தசைசரின் கணினி வடிவமான Dexed-ஐ இறக்கி வைத்துக்கொண்டு, ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி செய்யும் எஃப்எம் முறையைப் பழகுகிற சிலர் தாங்கள் செய்த பேட்ச்களை எனக்கு அனுப்புவதுண்டு. நான் பழகிய காலத்தில் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். கேரியர் எது, மாடுலேட்டர் எது என்ற குழப்பம், எது எதை ஆட்டுகிறது என்று காட்டும் அல்காரிதம் படத்தைத் தலைகீழாகப் படிப்பது போன்றவை கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

அடிப்படை ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆப்பரேட்டர் என்பது ஒரு சைன் அலையும், அதன் அளவு நேரத்தோடு எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்லும் ஒரு என்வலப்பும்தான். என்வலப்பில் L1 முதல் L4 வரை எட்ட வேண்டிய அளவுகள், R1 முதல் R4 வரை அவற்றை எட்டும் வேகங்கள், அதாவது ரேட்டுகள்; நான்காவது ஜோடி விரலை எடுத்த பிறகு வருவது. காதுக்கு வருவது கேரியர். அதன் அதிர்வெண்ணை ஆட்டிவைப்பது மாடுலேட்டர், அது நேரடியாகக் காதுக்கு வராது. ரேஷியோ 1.00 என்றால் நீங்கள் அழுத்திய ஸ்வரத்தின் அதிர்வெண், 2.00 என்றால் அதன் இரு மடங்கு. மாடுலேட்டரின் அளவைக் கூட்டக் கூட்டக் கேரியரின் இரண்டு பக்கமும் புதிய அதிர்வெண்கள் முளைக்கும்.

## ரேஷியோவில் புள்ளி வைத்தாலே மணி என்று நினைப்பது

முழு எண் என்றால் இசைக்கருவி, பின்னம் என்றால் மணி என்று எங்கோ படித்துவிட்டு மாடுலேட்டருக்கு 1.5 வைக்கிறார்கள். மணி வராது. ஸ்வரம் ஓர் ஆக்டேவ் கீழே போய் ஆர்கன் மாதிரி ஒலிக்கும். காரணத்தைப் பென்சிலால் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எஃப்எம் ஒலியாக்கத்தைக் கண்டுபிடித்த ஸ்டான்ஃபோர்டின் ஜான் சௌனிங் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில் மணிக்குக் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம்: கேரியர் 200 ஹெர்ட்ஸ், மாடுலேட்டர் 280 ஹெர்ட்ஸ். அதாவது ரேஷியோ 1.4. மாடுலேட்டரின் மடங்குகளைக் கேரியரோடு கூட்டவும் கழிக்கவும் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கழித்தல் குறியை விட்டுவிடலாம், அது மறுபடி மேலே மடங்கி வந்துவிடும்.

```
200 + 280 = 480
200 + 560 = 760
200 - 280 = -80   -> 80
200 - 560 = -360  -> 360
```

ஆக, கிடைப்பவை 80, 200, 360, 480, 760... இவற்றையெல்லாம் 40-இன் மடங்குகள் என்று எழுதிவிடலாம், ஆனால் அந்த 40 இந்த ஒலியில் இல்லை, 120-உம் இல்லை, 160-உம் இல்லை. இடையில் நிறைய ஓட்டை இருப்பதால் இவற்றை ஒரே ஸ்வரமாகக் கோத்துக்கொள்ளக் காதுக்குப் பிடி கிடைக்கவில்லை. உலோகம் அதிர்வது போலத் தோன்றுவது அதனால்தான்.

இப்போது 1.5 வைத்து, மாடுலேட்டரை 300 ஆக்கிப் பாருங்கள். 100, 200, 400, 500, 700, 800 வரும். அந்த 100 அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, மற்றவையும் நெருக்கமாக அதன் மடங்குகள். காது அதையே ஆதார சுருதியாக எடுத்துக்கொண்டு ஓர் ஆக்டேவ் கீழே கேட்கிறது. அதே அரைப் பின்னத்தில் 3.5 வைத்தால் 200, 500, 900, 1200 என்று இடைவெளி விட்டு வரும், அது நல்ல மணி. எனவே புள்ளியைப் பார்க்காதீர்கள். முதல் நான்கைந்து அதிர்வெண்களை எழுதி, அவற்றுக்குள் ஒரு ஆதார சுருதி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

## மாடுலேட்டரின் என்வலப்பைத் தொடாமலே விடுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். ரேஷியோ சரியாக இருக்கும், அல்காரிதம் சரியாக இருக்கும், ஆனாலும் மணி மணியாக ஒலிக்காது. உடனே ரேஷியோவைத் திருக ஆரம்பிக்கிறார்கள். 3.5 போய் 3.51, அப்புறம் 3.47, அப்புறம் இன்னொரு மாடுலேட்டர், அதுவும் போதாமல் மேலே கோரஸ், ரிவெர்ப். ஒரு முழு மாலை போய்விடும், பேட்ச் இன்னும் மோசமாகியிருக்கும்.

அண்மையில் எனக்கு வந்த பேட்ச் ஒன்று சரியான உதாரணம். கேரியர் 1.00, மாடுலேட்டர் 3.50. கேரியரின் என்வலப் நீளமாக, பொறுமையாகச் செதுக்கப்பட்டிருந்தது. மாடுலேட்டரைத் திறந்தால் நான்கு ரேட்டும் 99, L1, L2, L3 மூன்றும் 99. அதாவது INIT VOICE என்ற வெற்றுத் தொடக்கப் பேட்சில் வரும் என்வலப் அப்படியே இருக்கிறது, OUTPUT LEVEL மட்டும் ஏற்றப்பட்டிருக்கிறது. விளைவு, அழைப்பு மணியின் பஸ்ஸர் ஒலியை மெதுவாகக் குறைத்தது போல இருந்தது. சத்தம் குறைகிறது, நிறம் மாறவே இல்லை.

கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேளுங்கள். தட்டிய கணத்தில் கணீரென்று ஏகப்பட்ட மேல் அதிர்வெண்கள் கிளம்பும், ஆனால் அவைதான் முதலில் சாகும். கடைசியில் நிற்பது கீழே உள்ள ஒன்றிரண்டு மட்டும். எஃப்எம்-இல் மேல் அதிர்வெண்கள் எத்தனை இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது மாடுலேட்டரின் அளவு. அந்த அளவு நேரத்தோடு இறங்காவிட்டால் மேலே கிளம்பியவை எதுவும் தனியாகச் சாகாது. சௌனிங்கின் மணியில் இந்த அளவு, OUTPUT LEVEL எண்ணாக அல்ல, மாடுலேஷன் இண்டெக்ஸாக, 10-இல் தொடங்கி 15 விநாடியில் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. 1.4 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இறக்கத்தை விட்டுவிட்டால் பாதி மணியைத்தான் எடுத்திருக்கிறோம்.

Dexed-இல் செய்வது எளிது. அல்காரிதம் 5-ஐ எடுங்கள், அதில் மூன்று தனித்தனி ஜோடிகள் இருக்கும், முதல் ஜோடி போதும். OP1 கேரியர், 1.00. OP2 மாடுலேட்டர், 1.40, OUTPUT LEVEL சுமார் 85. இரண்டுக்கும் L1 99, மற்ற மூன்றும் 0. இரண்டுக்கும் R1 99. கேரியரின் R2 25 என்று வையுங்கள், பத்து விநாடிக்கு மேல் நின்று அடங்கும். மாடுலேட்டரின் R2 30, அதாவது கொஞ்சம் வேகமாக இறங்கட்டும். கேரியரின் R4-ஐயும் 30 பக்கம் வைத்தால், விரலை எடுத்ததும் மணி சட்டென்று நிற்காது. இந்த எண்களில் பெரியது என்றால் வேகம், நேரம் அல்ல.

எலெக்ட்ரிக் பியானோவில் இதே தவறு இன்னும் கொடூரமாகக் கேட்கும். நிஜமான எலெக்ட்ரிக் பியானோவில் சுத்தியல் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை அடிக்கிறது. அடித்தவுடன் 'டிங்' என்று மேலே ஒன்று, அது நொடியில் போய்விடும். அடியில் உருண்டையான ஒலி நின்று மெல்லக் குறையும். 1983-இல் யமஹா விட்ட DX7-இல் எல்லோருக்கும் தெரிந்த E.PIANO 1 இதை இரண்டு விதமான ஜோடிகளாகப் பிரித்துக்கொள்கிறது. உருண்டை ஒலிக்கு 1:1, 'டிங்' என்பதற்கு 1:14.

ஏன் 14? மாடுலேட்டரின் அளவு குறைவாக இருக்கும்போது கேரியரைத் தவிர அதன் 13-ஆவது, 15-ஆவது மடங்குகள் மட்டும்தான் முளைக்கும். நடு C 261.6 ஹெர்ட்ஸ், ஆகவே அவை ஏறக்குறைய 3400, 3924 ஹெர்ட்ஸில் வரும். கீழே ஒரு சைன், நடுவில் ஒன்றுமில்லை, வெகு மேலே இரண்டு அதிர்வெண்கள். அந்த வெற்றிடம்தான் கம்பி அடிபடும் உணர்வைத் தருகிறது.

அதே அல்காரிதம் 5-இல் OP1, OP2 இரண்டையும் இந்த 1:14 ஜோடியாக வைத்து, மாடுலேட்டரான OP2-இன் என்வலப்பைத் தட்டையாக விட்டால், விரலை எடுக்கும்வரை ஸ்வரத்தோடு ஒரு விசில் கூடவே வரும். விசில் தாங்காமல் OUTPUT LEVEL-ஐக் குறைக்கிறார்கள். விசிலோடு 'டிங்'கும் போய்விடுகிறது. அப்புறம் பியானோவில் உயிரில்லை என்று எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அளவில் பிழையே இல்லை, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் பிழை. OP2-க்கு அளவு 58, R1 95, R2 50, R3 35, L1 99, L2 75, L3 0, L4 0 என்று வைத்துப் பாருங்கள். முதல் இறக்கம் கால் விநாடியில் முடிந்துவிடும், 'டிங்' கேட்கும், போய்விடும். உருண்டை ஒலிக்கு OP3 கேரியர், OP4 மாடுலேட்டர், இரண்டும் 1.00, OP4-இன் அளவு 80 முதல் 85, L1 99, L2 95, L3 0, L4 0, R2-வும் R3-வும் 20 பக்கம். OP1-க்கும் OP3-க்கும் மணிக்குச் சொன்ன மாதிரி மெதுவான இறக்கம் போதும், ஆனால் R4-ஐ 60 பக்கம் ஏற்றிவிடுங்கள், பியானோ விரலை எடுத்ததும் அடங்க வேண்டும்.

உங்கள் பேட்சில் இந்தத் தவறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று விநாடி கேளுங்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சத்தத்தில் மட்டும்தான் வித்தியாசம், நிறத்தில் இல்லை என்றால் ரேஷியோவைத் தொடவே தொடாதீர்கள். மாடுலேட்டரின் L3-ஐப் பாருங்கள், அது பூஜ்யத்தில் இல்லாமல் இருக்கும்.

## வெலாசிட்டியைக் கேரியருக்கு மட்டும் கொடுப்பது

அழுத்தி அடித்தால் சத்தம் மட்டும் கூடினால் போதாது, பளிச்சென்றும் ஆக வேண்டும். மாடுலேட்டரின் வெலாசிட்டியை 6, 7 வரை ஏற்றுங்கள், கேரியருக்கு 2 போதும்.

## அளவைப் பத்துப் பத்தாக ஏற்றுவது

DX7-இல் OUTPUT LEVEL 8 படி ஏறினால் மாடுலேஷன் ஏறக்குறைய இரு மடங்கு. ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்.

## மணியில் ஃபீட்பேக்

ஓர் ஆப்பரேட்டர் தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளும் இந்த வசதி மணிக்கு வேண்டாம். இரைச்சல்தான் வரும்.

## நடு ஆக்டேவில் மட்டும் கேட்டுப் பார்த்து முடித்துவிடுவது

1:14 ஜோடியின் இன்னொரு தொல்லை கீபோர்டின் வலது கோடியில் காத்திருக்கும். நடு C-க்கு இரண்டு ஆக்டேவ் மேலே உள்ள C 1046.5 ஹெர்ட்ஸ். அதன் 14 மடங்கு 14,651. இதுவரை பரவாயில்லை. இரண்டாவது பக்க அதிர்வெண்கள் 28,000 தாண்டும், மூன்று ஆக்டேவ் மேலே போனால் மாடுலேட்டரே 29,300 ஹெர்ட்ஸில் இருக்கும். உங்கள் கணினி விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் ஓடினால் அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே எதற்கும் இடமில்லை, மேலே போனவை எல்லாம் மடங்கிக் கீழே வந்து, சம்பந்தமே இல்லாத சுருதியில் கீச்சென்று ஒலிக்கும். ஸ்வரம் மேலே ஏறும்போது அந்தக் கீச்சு கீழே இறங்கினால் அது மடங்கி வந்ததுதான் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இதற்கு OP2-இன் மொத்த அளவைக் குறைத்தால் நடு ஆக்டேவின் 'டிங்' பலியாகும். ஸ்வரத்தின் உயரத்துக்கு ஏற்ப அளவை மாற்றும் கீபோர்ட் லெவல் ஸ்கேலிங் இதற்காகவே இருக்கிறது. அந்த மாற்றம் தொடங்கும் இடமான பிரேக் பாயின்ட்டை நடு C பக்கம் வைத்து, வலதுபுற வளைவை -LIN ஆக்கி, வலதுபுற ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறை ஏற்றியதும் நடுவில் ஒன்று, வலது கோடியில் ஒன்று என்று மாறி மாறி அடித்துக் கேளுங்கள். கோடியில் கீச்சு மறைகிற இடத்தில் நிறுத்திவிடலாம். அந்த உயரத்தில் 1:1 ஜோடியின் ஒலியே போதுமான அளவு கூர்மையாக இருக்கும், 'டிங்' இல்லாதது காதுக்குத் தெரியாது.