கஸ்டம்ஸ் புரோக்கரிடம் “எத்தனை பர்சென்ட்?” என்று மட்டும் கேட்காதீர்கள்: நிட் துணி இறக்குமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணா, சைனாவுல இருந்து லைக்ரா துணி ஒரு டன் வருதுங்க. எச்எஸ் கோடு என்னங்க, டியூட்டி எத்தனை பர்சென்ட்டுங்க?”

திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் புரோக்கருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. இந்த இரண்டு வரியில் மூன்று தவறுகள் உள்ளன.

முதலாவது, “லைக்ரா துணி” என்ற பெயர். கடைவீதிக்கு அது போதும், சுங்க அட்டவணைக்குப் போதாது. 30 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள நிட் துணியில் எலாஸ்டிக் நூல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது சுங்க அட்டவணையின் 6004 என்ற தலைப்பில் சேரும். அதற்குக் குறைந்தால் பொதுவாக 6006. பாலியஸ்டர் 92, ஸ்பான்டெக்ஸ் 8 என்றால் 6004 10 00. அதே துணி 96-க்கு 4 என்று வந்து, சாயமும் போட்டிருந்தால் 6006 32 00. சிக்கல் 95-க்கு 5 என்று வரும் துணியில்தான். சப்ளையர் 5 என்று எழுதியிருப்பார், ஆய்வகத்தில் 4.6 என்று வரும். அதனால் ஆர்டர் உறுதியாகும் முன்பே சாம்பிள் துணியில் ஒரு மீட்டரைக் கோவை சிட்ராவிலோ ஜவுளிக் குழு ஆய்வகத்திலோ கொடுத்து, நூல் கலவை அறிக்கை வாங்கிவிடுவது நல்லது. துணியின் மேல்பக்கம் பூப்போல இருந்தால், அது பின்னும்போதே கூடுதல் நூலில் எழுப்பிய பைலா, பின்னிய பிறகு பிரஷ் செய்ததா என்பதையும் சொல்லுங்கள். பைல் துணிக்கான 6001-ஆ, 6006-ஆ என்ற வாதம் அங்கேதான் தொடங்கும், போட்டோவைப் பார்த்து அதை யாரும் முடிவு செய்ய முடியாது.

சப்ளையர் இன்வாய்ஸில் போட்ட கோடை அப்படியே எடுத்துக்கொள்வதும் இதே வகைத் தவறு. முதல் 6 இலக்கம்தான் உலகுக்குப் பொது, கடைசி இரண்டை நம் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். அந்த 6 இலக்கத்தையே அவர் தவறாகப் போட்டிருந்தாலும் பொறுப்பு நம்முடையது.

இரண்டாவது, “எத்தனை பர்சென்ட்?” பணம் அதிகம் போவது இந்தக் கேள்வியில்தான். 2025 பட்ஜெட்டில் 9 வகை நிட் துணிகளுக்கு அடிப்படைச் சுங்க வரி “20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது” என்று மாறியது. மேலே சொன்ன 6004 10 00, 6006 32 00 இரண்டும் அதில் உண்டு.

துறைமுகம் வரையிலான விலை கிலோ 320 ரூபாய், சரக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பு 3,20,000. வெறும் 20 சதவீதம் என்று நினைத்தால் வரி 64,000. ஆனால் கிலோவுக்கு 115 என்ற கணக்கில் 1,15,000 ஆகிறது, கட்ட வேண்டியது அதுதான். அதன் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், 11,500. மூன்றும் சேர்ந்த 4,46,500-க்கு 5 சதவீத ஐஜிஎஸ்டி, 22,325. ஆக மொத்தம் 1,48,825. சதவீதத்தை மட்டும் நம்பியவர் 89,920-ஐத்தான் ஒதுக்கி வைத்திருப்பார். ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரிக் கடனாக எடுக்கலாம். அடிப்படை வரியும் சர்சார்ஜும் திரும்ப வராது, அந்த வித்தியாசம் மட்டும் கிலோவுக்கு 56 ரூபாய் 10 காசு. துணி விலை கிலோ 575 ரூபாயைத் தாண்டினால்தான் 20 சதவீதக் கணக்கு மேலே வரும்.

வரி தெரிந்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். சில செயற்கை நிட் துணிகளுக்கு 2024 மார்ச்சில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டி கிலோவுக்கு 3.5 டாலர் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. பிறகு அதன் காலத்தை நீட்டித்தது, பட்டியலிலும் கோடுகளைச் சேர்த்தது. “இந்தக் கோடுக்கு இன்றைக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு ஏதும் உண்டுங்களா?” என்று தனியாகக் கேளுங்கள். 6004-ஆ 6006-ஆ என்பதற்கு வரி ஒன்றாக இருந்தாலும், இந்த மாதிரிப் பட்டியல்களில் கோடு மாறினால் விளைவும் மாறும்.

மூன்றாவது, கேட்கும் நேரம். கப்பல் கிளம்பிய பிறகு போனில் கேட்டு, போனிலேயே பதில் வாங்குவது. சுயமதிப்பீட்டு முறையில், சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் சொல்வது இறக்குமதியாளரின் சொல். புரோக்கர் சொன்னார் என்பதற்காக, குறைவாகக் கட்டிய வரி தள்ளுபடி ஆகாது. பொதுவாக 2 ஆண்டுக்குள்ளும், மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டுக்குள்ளும் நோட்டீஸ் வரலாம், வட்டியோடு.

எனவே புரோக்கருக்கு இப்படி எழுதுங்கள்: “பாலியஸ்டர் 92, ஸ்பான்டெக்ஸ் 8, எடைக் கணக்கில். சாயம் போட்ட நிட் துணி, பிரஷ் இல்லை. அகலம் 160 செ.மீ., 220 ஜிஎஸ்எம். சீனாவில் உற்பத்தி. 1,000 கிலோ, கிலோ 320 ரூபாய், தூத்துக்குடி. ஆய்வக அறிக்கை இணைப்பில். 8 இலக்கக் கோடு, அதற்கான காரணம், அடிப்படை வரி எந்த அறிவிப்பின்படி, சர்சார்ஜ், ஐஜிஎஸ்டி, கட்டுப்பாடு இவற்றை மெயிலில் எழுதிக் கொடுங்கள்.” காரணத்தோடு வரும் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு புரோக்கர்கள் இரண்டு கோடு சொன்னால், குறைந்த வரியைச் சொன்னவர் பக்கம் சாயாதீர்கள். அதே துணியைத் தொடர்ந்து வரவழைக்கப் போகிறீர்கள் என்றால், முதல் சரக்குக்கு முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் 10,000 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்துத் தீர்ப்பு வாங்கலாம். சட்டமோ விவரமோ மாறாத வரை அது சில ஆண்டுகள் செல்லும்.