ஆசிரியருக்குக் கடிதம்: 150 சொல்லுக்குள் சுருக்கும்போது எதை வெட்டக்கூடாது?

எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி போன வாரம் தன் கடிதத்தைக் காட்டினார். நாளிதழ் கேட்டது 150 சொல். அவர் 270 எழுதி, இரண்டு நாள் உட்கார்ந்து 149-க்குக் கொண்டுவந்திருந்தார். படித்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. எழுத்துப்பிழை, சந்திப்பிழையெல்லாம் ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளும். அவர்களால் சரிசெய்ய முடியாததை மட்டும் சொல்கிறேன்.

எல்லா வாக்கியத்திலும் கொஞ்சம் கிள்ளுவது

அப்போது எங்கள் ஊர்க் கிளை நூலகம் ஆறு மாதமாக மாலையில் திறக்கவில்லை. அதைப் பற்றி எழுதினேன். வாதம் மூன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு இடமில்லை. பெரியவர்கள் பத்திரிகை படிக்க அங்கேதான் போகிறார்கள். மூன்றாவது, நூலக வரி. தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து அதில் பத்து சதவீதம் நூலக வரியாக வாங்குகிறார்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. முதல் படியில் அந்தப் பகுதி இப்படி இருந்தது:

"ஒவ்வொரு அரையாண்டும் நான் கட்டும் சொத்து வரி 1,200 ரூபாய். அதற்கு மேல் நூலக வரி 120 ரூபாய். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலகத்துக்கென்றே வாங்குகிறார்கள். அந்த நூலகம் ஆறு மாதமாக மாலையில் திறக்கவில்லை."

26 சொல். சுருக்க உட்கார்ந்தபோது மூன்று வாதத்தையும் விட மனமில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினேன். கடைசியில் இந்த 26 சொல் இப்படி ஆனது:

"வரி கட்டும் மக்களுக்கு நூலக வசதி மறுக்கப்படுவது வருத்தத்துக்குரியது."

ஏழு சொல்தான். 19 சொல் மிச்சம் என்று சந்தோஷம் வேறு. இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதனைப் புகழ்ந்து எழுதிய வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. எனக்கு அவரைத் தெரியும் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே!

கடிதம் அச்சில் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு வாசகர் பதில் எழுதினார்: வரி எல்லாவற்றுக்கும்தான் கட்டுகிறோம், நூலகத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? அவர் கேட்டது நியாயம். நூலகத்துக்கென்றே தனியாக வாங்குகிறார்கள் என்ற செய்தியை நானே வெட்டிவிட்டேனே! இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இப்போது செய்வது வேறு. கடிதத்தை எதிர்த்தரப்பின் கண்ணால் படிக்கிறேன். போட்டித் தேர்வு என்றால், பயிற்சி மையத்துக்குப் போகட்டும் என்பார்கள். பெரியவர்கள் என்றால், காலையில் வரட்டும் என்பார்கள். நூலக வரிக்குச் சட்டென்று சொல்ல அவர்களிடம் பதில் இருக்காது. அப்படியானால் அதுதான் கடிதம். மற்ற இரண்டையும் கிள்ளாமல் முழுதாகத் தூக்கிவிட வேண்டும். மிஞ்சும் இடத்தில் எண்ணையும் 'நூலகத்துக்கென்றே' என்ற சொல்லையும் தொடாமல் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஒற்றை வாதத்தை நம்பி அனுப்பும்போது அதிலுள்ள எண் தப்பாக இருந்தால் கடிதமே போச்சு. வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

முத்தான வரியைக் கடைசிக்கு ஒளித்துவைப்பது

பக்கத்தில் இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியில்தான் முதலில் கை வைப்பார்கள். செய்திக் கட்டுரையை வெட்டிப் பழகிய கை அது. பட்டிமன்றத்தில் முடிவில் போட்டு உடைக்கலாம். கடிதத்தில் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன 26 சொல்லோடுதான் என் கடிதம் தொடங்கியிருக்க வேண்டும். 'ஆவன செய்ய வேண்டும்' வெட்டுப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சொற்களை ஒட்டி எண்ணிக்கையை ஏமாற்றுவது

தமிழில் இந்தக் குறுக்குவழி ஒன்று உண்டு. 'செய்து கொண்டு இருக்கிறார்கள்' என்பதை 'செய்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒட்டினால் மூன்று சொல் ஒன்றாகும். கணினி ஏமாறும், ஆனால் அச்சில் அது பிடிக்கும் இடம் அப்படியேதான் இருக்கும். 'செய்கிறார்கள்' என்று எழுதுங்கள். சொல்லும் குறையும், இடமும் குறையும்.

எந்தச் செய்திக்கு எதிர்வினை என்பதை வெட்டுவது

தலைப்பும் தேதியும் இருக்கட்டும்.

பழமொழியில் தொடங்குவது

வெட்டுங்கள்.

அனுப்பிய பிறகு திருத்திய படி அனுப்புவது

இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் பழையதுதான் அச்சில் வந்தது.