மூன்று புள்ளிக்குப் பின்னால் இருந்த மழை

குறுவை அறுப்பு நேரம், திருவாரூர் பக்கம். அறுவடை இயந்திரம் வைத்திருக்கும் அண்ணனுக்கு எங்கள் வீட்டிலிருந்து போன செய்தி இது: "அண்ணே, நாளைக்குக் காலையில மேலத்தெரு வயலுக்கு டயர் வண்டி அனுப்புங்க, ராத்திரி மழை பெஞ்சா மட்டும் பெல்ட் வண்டி."

அவர் போனின் அறிவிப்பில் "டயர் வண்டி அனு…" வரைதான் தெரிந்திருக்கிறது. அறிவிப்பிலேயே "சரி தம்பி" என்று பதில் போட்டுவிட்டார். ராத்திரி மழை பெய்தது. காலையில் டயர் வண்டிதான் வந்தது, ஈர வயலில் இறங்கியதும் சேற்றில் புதைந்துகொண்டது.

சுருங்கிய அறிவிப்பில் முதல் சில வரிகள்தான் தெரியும். ஆண்ட்ராய்டில் அம்புக்குறியைத் தொட்டோ, ஐபோனில் அறிவிப்பை அழுத்திப் பிடித்தோ விரித்தால் இன்னும் சில வரிகள் வரும், ஆனால் நீளமான செய்தி அதிலும் அறுபடலாம். கடைசியில் மூன்று புள்ளி நின்றால் மிச்சம் உள்ளே இருக்கிறது. தமிழில் 'வேண்டாம்', 'மட்டும்', 'தவிர' எல்லாம் பின்னால்தானே வருகின்றன, வெட்டுப்படுவதும் அவைதான்.

அப்புறம் அந்த அண்ணனின் ஐபோனில் Settings → Notifications → Show Previews போய் Never வைத்துக் கொடுத்தேன். இப்போது அறிவிப்பில் வாசகமே தெரியாது, படிக்கத் திறந்தே ஆக வேண்டும். எங்கள் பக்கம் நிபந்தனையை முன்னால் எழுதுகிறோம்: "மழை பெஞ்சா பெல்ட் வண்டி, இல்லன்னா டயர். மேலத்தெரு வயல், நாளைக் காலை." பதிலில் வண்டியின் பெயர் வராமல் வெறும் 'சரி' வந்தால் உடனே போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.